மாத்திரையின் குடும்பப் பெயர்: மருந்துப் பெயரின் ஈற்றெழுத்துகளை அறிவோம்

இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் மருந்து உட்கொள்ளும் ஒருவர் இல்லத்தில் மூன்று நான்கு மாத்திரை அட்டைகளேனும் இருக்கும். அவற்றுள் சில மயிலாப்பூரில் உள்ள குடும்ப மருத்துவர் எழுதியவை. சில தியாகராய நகரில் சிறப்பு மருத்துவர் எழுதியவை. சில அடையாற்றில் மகனின் வீட்டருகே அவசரத்திற்கு வாங்கியவை. ஒவ்வொன்றிலும் நிறுவனம் சூட்டிய பெயர் வேறு, நிறம் வேறு, அளவு வேறு. எனவே இவை அனைத்தும் வெவ்வேறு மருந்துகள் என்றே தோன்றும். ஆனால் இவற்றுள் இரண்டு ஒரே மருந்தாக இருக்கலாம். அல்லது ஒரே வேலையைச் செய்யும் ஒரே இனத்து மருந்துகளாக இருக்கலாம். இதைக் கண்டறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. மருந்தின் பொதுப் பெயர் எந்த எழுத்துகளில் முடிகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

இரண்டு பெயர்கள்

ஒவ்வொரு மாத்திரைக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வணிகப் பெயர். அதனைத் தயாரிக்கும் நிறுவனம் தன் விருப்பப்படி சூட்டுவது. மற்றொன்று பொதுப் பெயர். மாத்திரையின் உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர். வணிகப் பெயர் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பொதுப் பெயர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் ஏறத்தாழ ஒன்றே. இப்பெயர்களை நெறிப்படுத்தும் பணியை உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்டுள்ளது. இதற்கான தீர்மானம் 1950ஆம் ஆண்டிலும் முதற் பட்டியல் 1953ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஒரே வகையில் வேலை செய்யும் மருந்துகளின் பெயர்களில் பொதுவான ஓர் உறுப்பு அமைய வேண்டும் என்பது அந்த நெறியின் அடிப்படை. பெரும்பாலும் அவ்வுறுப்பு பெயரின் ஈற்றில் வரும். நம் வழக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகப் பெயருக்கு முன்னே நிற்கிறது. மருந்துப் பெயரிலோ குடும்ப அடையாளம் கடைசியில் நிற்கிறது.

அட்டையில் பொதுப் பெயரைத் தேடுவது முன்பு கடினமாக இருந்தது. வணிகப் பெயர் பெரிதாகவும் பொதுப் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். 2018 செப்டம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பொதுப் பெயரின் எழுத்து வணிகப் பெயரின் எழுத்தைவிடக் குறைந்தது இரண்டு அளவு பெரிதாக இருத்தல் வேண்டும். ஆயினும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு இவ்விதி பொருந்தாது. அத்தகைய அட்டைகளில் பின்புறத்துப் பொடி எழுத்தைத்தான் நாட வேண்டும். அங்கே ஒவ்வொரு மருந்தின் பெயரும் அதன் மில்லிகிராம் அளவும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 வணிகப் பெயர்களில் கியூ.ஆர். குறியீடும் அச்சிடப்படுகிறது. கைப்பேசியால் அதனைப் படித்தாலும் பொதுப் பெயர் தெரியவரும்.

ஒன்றை மட்டும் நினைவிற்கொள்க. பொதுப் பெயரை அடுத்து மற்றொரு சொல் வருவதுண்டு. ‘லோசார்டன் பொட்டாசியம்’, ‘எனலாபிரில் மேலியேட்’, ‘மெட்டோபிரோலால் சக்சினேட்’ என்பவற்றில் இரண்டாம் சொல் அம்மருந்து எந்த உப்பு வடிவில் உள்ளது என்பதைக் குறிக்கும். அதனை அடுத்து வரும் ‘ஐ.பி.’ என்பது இந்திய மருந்தியல் தர நூலைக் குறிக்கும். நாம் பார்க்க வேண்டியது முதற் சொல்லின் ஈற்றை; வரியின் ஈற்றை அன்று.

நான்கு குடும்பங்கள்

முதற் குடும்பம் ‘பிரில்’. ரேமிபிரில், எனலாபிரில், லிசினோபிரில், பெரிண்டோபிரில் ஆகியன இதில் அடங்கும். ஆங்கிலத்தில் பி, ஆர், ஐ, எல் என்னும் நான்கு எழுத்துகளில் இப்பெயர்கள் முடியும். நம் உடலில் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. செயலற்ற வடிவில் இருக்கும் அதனைச் செயல்படும் வடிவிற்கு மாற்ற ஒரு நொதி வேண்டும். அந்த நொதியைத் தடுப்பதே ‘பிரில்’ மருந்துகளின் வேலை. அதே நொதி பிராடிகைனின் என்னும் வேறொரு பொருளைச் சிதைக்கும் வேலையையும் செய்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்குகிறது. அதனால் சிலருக்குச் சளியற்ற வறட்டு இருமல் உண்டாகிறது. ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு இவ்விருமல் வரும் எனலாம். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் அது தணியும். மிக அரிதாக உதடு, நாக்கு, தொண்டை வீங்குவதும் உண்டு. அது உயிருக்கு ஆபத்தானது.

இரண்டாம் குடும்பம் ‘சார்டன்’. டெல்மிசார்டன், லோசார்டன், ஒல்மிசார்டன், வல்சார்டன் ஆகியன இதிற் சேரும். இவை நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் வந்து பொருந்தும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ‘பிரில்’ சாவி செய்யும் பட்டறையை மூடுகிறது. ‘சார்டன்’ பூட்டின் துளையை அடைக்கிறது. பிராடிகைனின் தேங்காததால் இருமல் வருவது மிகக் குறைவு. ஆகவேதான் ‘பிரில்’ ஒவ்வாதவருக்கு ‘சார்டன்’ எழுதப்படுகிறது. அது மாற்றாக வருவது. கூடுதலாக வருவது அன்று. இவ்விரு குடும்பங்களும் கருவுற்ற பெண்களுக்கு ஆகாதவை. கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

மூன்றாம் குடும்பம் ‘ஓலால்’. அட்டெனோலால், மெட்டோபிரோலால், பைசோபிரோலால், பிரோப்ரனோலால் போன்றவை. ஆங்கிலச் சிறிய எழுத்தில் இதன் ஈறு வட்டம், கோடு, வட்டம், கோடு என்று மாறிமாறி நிற்பதால் ஆங்கிலம் படிக்காதவரும் கண்ணால் அடையாளம் காணலாம். இவை நாடித் துடிப்பைக் குறைத்து இதயத்தின் வேலைப் பளுவைத் தணிப்பவை. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக் குழாயை இறுக்கக்கூடும்.

நான்காம் குடும்பம் ‘டிபின்’. அம்லோடிபின், சில்னிடிபின், நிஃபெடிபின் ஆகியன. இவற்றை ‘டிபைன்’ என்றும் ‘டிபீன்’ என்றும் சொல்பவர் உளர், எழுத்து ஒன்றுதான். இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயை விரியச் செய்பவை இவை. இவற்றால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அளவு கூடக்கூட வீக்கமும் கூடும்.

ஐந்து மருந்துகளைப் படித்தல்

இனி, இவ்வறிவு எங்கே பயன்படும் என்பதைக் காண்போம். கீழே வருவது ஒரு தனி நோயாளியின் வரலாறு அன்று; புறநோயாளிப் பிரிவில் பலரிடம் தனித்தனியே காணும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு.

மயிலாப்பூரில் வாழும் 67 வயது அம்மையார் ஒருவர். மூன்றாண்டுகளாக ரேமிபிரில் 5 மில்லிகிராமும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் உட்கொண்டு வருகிறார். வறட்டு இருமல் விடாமல் தொல்லை தரவே, தியாகராய நகரில் வேறொரு மருத்துவரை நாடினார். அவர் இருமலின் காரணத்தை ஊகித்து, பழைய இரண்டு மாத்திரைகளுக்கும் மாற்றாக ஒரே கூட்டு மாத்திரையை எழுதினார். அதனுள் டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் அம்லோடிபின் 5 மில்லிகிராமும் உள்ளன. பழையவற்றை நிறுத்தவேண்டும் என்ற குறிப்பு சீட்டில் இல்லை. சொல்லியிருந்தாலும் அம்மையார் மனத்தில் பதியவில்லை. அவர் பழையதையும் புதியதையும் சேர்த்தே உட்கொண்டார். இதற்கு முன்பே படபடப்புக்காக இதய மருத்துவர் எழுதிய மெட்டோபிரோலாலும், கண் நீர் அழுத்தத்திற்காகக் கண் மருத்துவர் தந்த டிமோலால் சொட்டு மருந்தும் அவரிடம் உண்டு.

ஆறு வாரங்கள் சென்றன. இருமல் தணியவில்லை. மாலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது. படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றியது. நாடி நிமிடத்திற்கு 48 ஆக இருந்தது. இரத்தப் பரிசோதனையில், முன்பு 0.9 ஆக இருந்த கிரியாட்டினின் 1.5 ஆகவும், பொட்டாசியம் 5.9 ஆகவும் உயர்ந்திருந்தன. பொட்டாசியம் பொதுவாக 5க்குள் இருத்தல் வேண்டும். 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

இப்போது வணிகப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, பொதுப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுவோம்.

முதல் அட்டை: ரேமிபிரில். ஈறு ‘பிரில்’.
இரண்டாம் அட்டை: அம்லோடிபின். ஈறு ‘டிபின்’.
மூன்றாம் அட்டை: டெல்மிசார்டன், அம்லோடிபின். ஈறுகள் ‘சார்டன்’, ‘டிபின்’.
நான்காம் அட்டை: மெட்டோபிரோலால். ஈறு ‘ஓலால்’.
சொட்டு மருந்துக் குப்பி: டிமோலால். ஈறு ‘ஓலால்’.

தாள் தானே பேசுகிறது. ‘டிபின்’ இரண்டு முறை வந்துள்ளது. அம்லோடிபின் 5ம் 5ம் சேர்ந்து நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். கணுக்கால் வீக்கத்திற்கு அது போதிய விளக்கம். இதை உணராமல் வீக்கத்திற்கென்று நீர் பிரியும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தால், ஒரு மருந்தின் விளைவை மற்றொரு மருந்தால் மறைத்ததாக முடியும். வீக்கமும் முழுதாக வடியாது, ஏற்கெனவே பளு தாங்கும் சிறுநீரகத்திற்கு மேலும் ஒரு சுமையும் சேரும்.

அடுத்து, ‘பிரில்’, ‘சார்டன்’ இரண்டும் ஒரே தாளில் உள்ளன. இருமல் தணியாததன் காரணம் புலப்படுகிறது: இருமலை உண்டாக்கிய ரேமிபிரில் இன்னும் உள்ளே செல்கிறது. கிரியாட்டினினும் பொட்டாசியமும் உயர்ந்ததற்கும் இதுவே பெருங்காரணம். இவ்விரண்டையும் சேர்த்தால் இரு மடங்கு நன்மை கிடைக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் எதிர்பார்த்தது. அதனைச் சோதிக்க 25,620 பேரிடம் நடத்தப்பட்ட ‘ஆன்டார்கெட்’ என்னும் பெரும் ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர்க்கு ரேமிபிரில், ஒரு பிரிவினர்க்கு டெல்மிசார்டன், மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் தரப்பட்டன. இரண்டும் பெற்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ இறப்போ கூடுதலாகக் குறையவில்லை. அழுத்தம் தாழ்ந்து மயங்குவதும் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுமே கூடின. அதன் பின்னர் இவ்விரு குடும்பங்களையும் சேர்த்துத் தருவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

மூன்றாவதாக, ‘ஓலால்’ இரண்டு முறை வந்துள்ளது. கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதில் ஒரு பகுதி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கினுள் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. மெட்டோபிரோலாலும் டிமோலாலும் ஒருங்கே இதயத்தை மெதுவாக்கியதால் நாடி 48க்கு இறங்கியது. கண் சொட்டு மருந்து மாத்திரைப் பெட்டியில் இருப்பதில்லை. அதனால்தான் மருத்துவரிடம் மருந்துகளைச் சொல்லும்போது அது விடுபடுகிறது.

இங்கே தீர்வு எளிது. ஆனால் அது மருத்துவர் கையில் உள்ளது. அவர் முதல் இரண்டு அட்டைகளை நிறுத்தி, மூன்றாவதைச் சிறுநீரக நிலையும் பொட்டாசியமும் ஒப்பும்வரை கண்காணிப்பில் வைப்பார். ஒரு வாரத்திற்குள் இரத்தத்தை மீண்டும் சோதிப்பார். டிமோலாலுக்கு மாற்றுச் சொட்டு மருந்து இயலுமா என்று கண் மருத்துவரிடம் கேட்பார். மெட்டோபிரோலாலின் அளவையும் ஆராய்வார். பொட்டாசியம் இறங்கும்வரை இளநீரையும், பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடியம்’ உப்பையும் விலக்கச் சொல்வார்.

ஈறு ஏமாற்றும் இடங்கள்

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றை அறியாமல் பயன்படுத்தினால் குழப்பமே மிஞ்சும்.

முதலாவது, ஈற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும். பாராசிட்டமாலும் ‘ஆல்’ என்று முடிகிறது. டிரமடாலும் அவ்வாறே முடிகிறது. அவை ‘ஓலால்’ குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. உள்ளிழுக்கும் மருந்தான ஃபார்மோடெரால் மூச்சுக் குழாயை விரிப்பது. ‘ஓலால்’ செய்வதற்கு நேர் எதிரானது. மறுபுறம், கார்வெடிலால், லபெட்டலால் ஆகியவற்றின் ஈறு சற்றே வேறுபட்டாலும் அவை இதயத் துடிப்பைக் குறைக்கும் இனத்தைச் சேர்ந்தவையே.

இரண்டாவது, ‘பிரில்’ வேறு, ‘ட்ரில்’ வேறு. இதயச் செயலிழப்புக்குத் தரும் ஒரு கூட்டு மாத்திரையில் சாகுபிட்ரில், வல்சார்டன் என்னும் இரண்டு மருந்துகள் உள்ளன. இதில் ‘சார்டன்’ இருப்பதைக் காண்க. இம்மாத்திரையோடு எந்தப் ‘பிரில்’ மருந்தும் சேரக் கூடாது. ‘பிரில்’ மருந்தை நிறுத்திக் குறைந்தது 36 மணி நேரம் கழித்தே இதனைத் தொடங்க வேண்டும். இல்லையேல் தொண்டை வீக்கத்திற்கான ஆபத்து கூடும். வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய ‘பிரில்’ அட்டை இங்கே மிகவும் அபாயகரமானது.

மூன்றாவது, எல்லாக் குடும்பத்தினரும் ஒரே ஈற்றைச் சூடுவதில்லை. டில்டியாசெம், வெரபமில் ஆகிய இரண்டும் ‘டிபின்’ மருந்துகளைப் போலவே கால்சியத்தின் வழியைத் தடுப்பவை. ஆயினும் அவற்றின் ஈறு வேறு. அவை இதயத்தையும் மெதுவாக்குவதால் ‘ஓலால்’ மருந்தோடு சேரும்போது நாடி மிகவும் தாழக்கூடும். எனவே, தாளில் ஒரே ஈறு இருமுறை வரவில்லை என்பதனால் மட்டும் எல்லாம் சரி என்று முடிவு செய்ய இயலாது.

நான்காவது, ஒரே ஈறு இருமுறை வருவது சில வேளைகளில் மருத்துவர் அறிந்தே செய்ததாகவும் இருக்கும். காலையில் கூட்டு மாத்திரையும் இரவில் அதே மருந்தின் சிறு அளவும் எழுதப்படுவதுண்டு. ஆகவே, ஈறு நமக்குத் தருவது ஒரு கேள்வி, தீர்ப்பு அன்று.

கண்டறிந்தபின் செய்ய வேண்டுவன

மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது. குறிப்பாக ‘ஓலால்’ மருந்தைத் திடீரென நிறுத்தினால் நாடியும் அழுத்தமும் எதிர்வீச்சாக உயரும். இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரலாம். ஒரே ஈறு இருமுறை வந்தாலோ, ‘பிரில்’, ‘சார்டன்’ இரண்டும் ஒரே தாளில் இருந்தாலோ, ஆஸ்துமா உள்ளவரின் தாளில் ‘ஓலால்’ இருந்தாலோ, மருந்து எழுதிய மருத்துவரை அன்றே தொலைபேசியில் அழைத்து, “இந்த இரண்டையும் சேர்த்து உட்கொள்ள வேண்டுமா, அல்லது ஒன்றுக்கு மாற்றாக மற்றது எழுதப்பட்டதா?” என்று கேளுங்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும், மயங்கி விழுந்தாலும், நாடி 50க்குக் கீழே இறங்கித் தலை சுற்றினாலும், காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது அட்டைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள்.

மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நான்கோ ஐந்தோ தரும்போது, பெயர் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் அட்டையின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அல்லது பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் இரசீதில் எழுதித் தருமாறு கேட்கலாம். கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மாத்திரையை மாற்றித் தந்தால், பொதுப் பெயரும் அளவும் பழைய அட்டையோடு ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒத்திருந்தால், வீட்டிலுள்ள பழைய அட்டை தீர்ந்த பிறகே புதியதைத் தொடங்க வேண்டும்; இரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாகாது.

மருத்துவர் ஒரு மருந்தை மாற்றி எழுதிய நாளில், பழைய மருந்து நிறுத்தப்பட்டதா என்று கேட்டு, நிறுத்தப்பட்டிருந்தால் அதனைப் பெட்டியிலிருந்து உடனே அகற்றிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது, கண் சொட்டு மருந்து உட்பட அனைத்தின் பொதுப் பெயர்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வோர் ஈற்றின் கீழும் கோடிட்டு எடுத்து வாருங்கள். உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் அந்தத் தாளையே முதலில் காட்டுங்கள்.